திரையைச் சின்னதாக்கிய கதை

போன டிசம்பர் லீவில் எங்கள் தோட்டத்தில் ஒரு படம் போட்டோம். டிக்கோயா பக்கம், மூன்று லயங்கள் இருக்கிற ஒரு டிவிஷன். நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் கம்பஸில் கலைப்பீடம், ஒருவன் அட்டனில் கடையில் வேலை. படம் தொடங்கி அரை மணி நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி போகிறபோது கேட்டார்: "ஏன் தம்பி, இது ஊமப் படமா?"

அது ஊமைப் படம் இல்லை. பேச்சு நிறைந்த படம். ஆனால் பாட்டுச் சத்தமும் காற்றுச் சத்தமும் மட்டும்தான் கேட்டன, ஒருவர் பேசுவதும் கேட்கவில்லை. திரையிலும் ஆள் யார், மரம் எது என்று தெரியவில்லை. அன்று இரவு சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது எங்களுக்குள் ஒரே சண்டை. ப்ரொஜெக்டர் சரியில்லை, பனி, கரண்ட் வீக் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து அதே ப்ரொஜெக்டரை வைத்து, அதே படத்தை, அதே மக்களுக்கு மறுபடி போட்டோம். கடைசி வரை யாரும் எழும்பவில்லை. நடுவில் நாங்கள் மாற்றிய முக்கியமான விஷயம் ஒன்றுதான். திரையைச் சின்னதாக்கினோம். மற்ற மாற்றங்களில் பாதி அதிலிருந்தே தானாக வந்தன. உங்கள் பக்கம் இப்படி ஒன்று போடுகிற யோசனை இருந்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதல் தடவை நாங்கள் இடத்தைப் பார்த்துத் திரையை முடிவு செய்தோம். பெரட்டுக்களம் பெரிய இடம். மூன்று லயமும் ஒரே நேரத்தில் உட்காரலாம். தலைவரும் அதைத்தான் சொன்னார்: "ஒரே நாள்ல எல்லாரும் பாக்கணும். ஒருத்தர விட்டு ஒருத்தருக்குக் காட்டுனா பிரச்சின." ஆகவே ஆறு வெள்ளைப் பெட்ஷீட்டை ஒன்றாகத் தைத்து, 20 அடி அகலம், 15 அடி உயரத்தில் ஒரு திரை செய்து, இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில் கட்டினோம். பகலில் பார்க்க அவ்வளவு அழகு. திருவிழா மாதிரி இருந்தது.

நாங்கள் மறந்தது வெளிச்சத்தை. ப்ரொஜெக்டரின் பெட்டியில் 3000 லூமன்ஸ் என்று போட்டிருந்தது. லூமன்ஸ் என்பது அந்த மெஷினிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. திரை பெரிதானால் அது கூடாது. ஒரு சட்டி சோற்றைப் பத்துப் பேருக்குப் போடுவதும் முப்பது பேருக்குப் போடுவதும் மாதிரி, இருக்கிற வெளிச்சம் பரப்பளவால் பிரிபடும். 20 அடிக்கு 15 அடி என்றால் 300 சதுர அடி. 3000 லூமன்ஸைப் பிரித்தால் சதுர அடிக்கு 10.

அந்த 10ம் உண்மையில் கிடைக்காது. பழைய பல்ப் ப்ரொஜெக்டர்களின் பல்புக்குச் சொல்லப்படுகிற ஆயுள், அதன் வெளிச்சம் பாதியாகக் குறைகிற வரையான மணித்தியாலம். மெனுவில் `Lamp Hours` என்று இருக்கும், அதைப் பாருங்கள். எங்களுடையது ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கியது, ஆயுளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆகவே 10 என்பது 5. பெட்ஷீட் தன்மேல் விழுகிற வெளிச்சம் எல்லாவற்றையும் திருப்பித் தராது, கொஞ்சம் துணிக்குப் பின்னால் போய்விடும். மிஞ்சியது 4 என்று வையுங்கள். டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வைத்திருக்கிற அளவு இதே கணக்கில் 14. அதில் மூன்றில் ஒரு பங்குகூட எங்களிடம் இல்லை. இரவுக் காட்சி வந்தால் கறுப்புத் திரை மட்டும்தான்.

இரண்டாவது தடவை 12 அடி அகலம் என்று முடிவு செய்தோம். அந்தப் ப்ரொஜெக்டரின் படம் நான்குக்கு மூன்று என்கிற பழைய வடிவம். 12 அடி அகலத்துக்கு 9 அடி உயரம் வரும். 108 சதுர அடி. அதே கணக்கைப் போட்டால் சதுர அடிக்கு 28 லூமன்ஸ், பல்பின் வயசுக்குப் பாதி கழித்தால் 14, துணிக்குக் கழித்தால் 11. தியேட்டர் அளவு இல்லை, ஆனால் ஆள் முகம் தெரியும்.

இந்தக் கணக்கு போட்டபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. படம் நீளவாக்கில் இருக்கிற அகலத்திரைப் படம். நான்குக்கு மூன்று ப்ரொஜெக்டரில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். 12 அடி அகலத்தில் உண்மையான படம் 5 அடி சொச்சம் உயரம்தான். அப்படியானால் 9 அடி உயரத்துக்குத் துணி எதற்கு? 12 அடிக்கு 6 அடித் துணி போதும். பட்டைகள் துணிக்கு வெளியே விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. முதல் தடவை 15 அடி உயரத்துக்குத் தைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைய வெறும் கறுப்புப் பட்டையைக் காட்டத்தான் என்று தெரிந்தபோது தைத்துத் தந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

துணி சின்னதானதும் காற்றுப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மலையில் பொழுது விழுந்ததும் மேலே இருக்கிற காற்று குளிர்ந்து சரிவில் இறங்கும். பகலில் அசையாத துணி ஏழு மணிக்குப் பாய்மரம் மாதிரி புடைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால், எங்கள் 300 சதுர அடித் துணியை அது ஏறத்தாழ 170 கிலோ பாரத்தால் தள்ளும். முதல் நாள் கயிறு அறுந்ததில் அதிசயமே இல்லை. 72 சதுர அடித் துணிக்கு அது 40 கிலோ. நான்கு மூலையையும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். வீச்சு வரும்போது டியூப் இழுபட்டுக் கொடுக்கும், போனதும் துணியை மறுபடி இறுக்கும். கயிறு மட்டும் கட்டினால் ஒன்று அறும், இல்லாவிட்டால் துணி கிழியும்.

இடத்தையும் மாற்றினோம். பெரட்டுக்களத்தை விட்டு, பிள்ளைக்காம்பராவின் முன்பக்கம் வந்தோம். நீல பெயின்ட் அடித்த சுவர் என்பதால் நேரே சுவரில் அடிக்க முடியாது. ஆனால் துணியைச் சுவருக்கு முன்னால் கட்டினால் மேலிருந்து வருகிற காற்றைக் கட்டடம் மறைக்கும். துணிக்குப் பின்னால் கறுப்புப் பொலித்தீனை விரித்துக் கட்டினோம், சுவரின் நீலம் தெரியாமல் இருக்க.

பனிமூட்டத்துக்கு மருந்து இல்லை. ஆனால் அதிலும் சின்னத் திரை கைகொடுத்தது. எங்கள் ப்ரொஜெக்டர் திரையின் அகலத்தைப் போல் 1.6 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். 20 அடித் திரைக்கு அது 32 அடி. 12 அடித் திரைக்கு 19 அடி. வெளிச்சம் பனிக்குள் போகிற தூரம் குறையக் குறைய, வழியில் சிதறுவதும் குறையும். சிதறுகிற வெளிச்சம் திரைக்குத் திரும்பி வந்து கறுப்பைச் சாம்பலாக்கும், அதைத்தான் நாங்கள் முதலில் ப்ரொஜெக்டர் பழுது என்று நினைத்தோம். இதைக் கண்டுபிடிக்க லேசான வழி: டோர்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கம்பு மாதிரி டோர்ச்சின் கோடு காற்றில் தெளிவாகத் தெரிந்தால், அன்று படம் மங்கலாகத்தான் இருக்கும். காத்திருக்கலாம், அல்லது தள்ளிப் போடலாம். அட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் கொஞ்சம் நம்பலாம். அதனால் பெப்ரவரியை எடுத்தோம்.

நிலா வெளிச்சத்துக்குப் பயந்து போயா நாளைத் தவிர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவன் பிடிவாதம் பிடித்தான். முழு நிலா திரையில் போடுகிற வெளிச்சம் ப்ரொஜெக்டரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. படத்தைக் கெடுப்பது லயத்து இஸ்தோப்பில் எரிகிற பல்ப். திரையிலிருந்து 15 அடி தூரத்தில் ஒரு 9 வாட் எல்.ஈ.டி. எரிந்தால், அது நிலாவைப் போல் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சத்தைத் துணியில் போடும். ஆகவே நாங்கள் செய்தது வீடு வீடாகப் போய், "படம் முடியிற வரைக்கும் முன் லைட்ட அணைச்சு வைங்க அண்ணே" என்று கேட்டதுதான். குடிபோதையில் யாராவது விழுந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்ட அம்மாக்களுக்காக, பின்பக்க லைட்டுகளை விட்டுவிட்டோம். அவை திரையைப் பார்க்காது.

இப்போது பாட்டி கேட்ட கேள்விக்கு வருவோம். பேச்சு ஏன் கேட்கவில்லை?

லெப்டொப்பின் ஹெட்போன் துவாரத்திலிருந்து ஒரு வயர் எடுத்து, ஸ்பீக்கரின் ஒரே ஒரு பெரிய துவாரத்தில் குத்தியிருந்தோம். ஹெட்போன் துவாரத்தில் இடது, வலது என்று இரண்டு சத்தம் வருகிறது. ஆனால் ஸ்பீக்கரின் அந்தத் துவாரம், தனக்கு வருகிற இரண்டு கம்பியையும் இரண்டு சத்தமாக எடுத்துக்கொள்ளாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சத்தை மட்டும்தான் சத்தமாக்கும். தூர வயரில் சேருகிற இரைச்சலை வெட்டுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். படத்தில் ஆட்கள் பேசுவது பெரும்பாலும் நடுவில் இருந்து வருகிற மாதிரி, இடதிலும் வலதிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரே அளவானதில் ஒரே அளவானதைக் கழித்தால் பூச்சியம். பேச்சு போய்விடும். பாட்டும் மழைச் சத்தமும் இரண்டு பக்கமும் வித்தியாசமாக இருப்பதால் மிஞ்சும். பாட்டு போட்டு டெஸ்ட் பண்ணினோம், நன்றாகத்தான் கேட்டது. யாராவது பேசுகிற காட்சியைப் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்போம்.

சரி செய்ய வேண்டியது ஒரு வயர்தான். ஒரு பக்கம் ஹெட்போன் பின், மறுபக்கம் இரண்டாகப் பிரிந்து இரண்டு தனிப் பின். ஒன்று இடது ஸ்பீக்கருக்கு, மற்றது வலதுக்கு. பின்னின் நுனியில் கறுப்பு வளையம் ஒன்று மட்டும் இருந்தால் தனிச் சத்தம், இரண்டு இருந்தால் இரட்டைச் சத்தம். வாங்கும்போது அந்த இரண்டு பின்னிலும் வளையம் ஒன்றுதானா என்று பாருங்கள்.

முதல் தடவை கோவிலின் கூம்பு ஸ்பீக்கர்களையும் கட்டியிருந்தோம், கடைசி ஆள் வரை கேட்க வேண்டுமே என்று. எதிர் மலையில் பட்டு ஒரு செக்கன் கழித்து அதே சத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை திரைக்கு இரண்டு பக்கமும் சாதாரண பொக்ஸ் இரண்டு, உட்கார்ந்தவர்கள் தலைக்கு மேலே வருகிற மாதிரி மேசை மேல் ஏற்றி, கடைசி வரிசையைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தவாறு வைத்தோம். எல்லோரும் கிட்டே உட்கார்ந்ததால் சத்தம் குறைவாகவே போதுமானதாக இருந்தது. சத்தத்தை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வைக்காதீர்கள். ஒருவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கையைக் காட்ட வேண்டும்.

கரண்ட்டையும் பிள்ளைக்காம்பராவிலிருந்தே எடுத்தோம். முதல் தடவை பெரட்டுக்களத்துக்கு லயத்திலிருந்து 60 மீட்டர் மெல்லிய வயரை இழுத்து, மிச்சத்தை உருளையிலேயே சுற்றி விட்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் உருளையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. சுற்றின வயர் தன் சூட்டை வெளியே விட முடியாது. உருளையின் லேபிளிலேயே இரண்டு கணக்கு இருக்கும், சுற்றியிருக்கும்போது எவ்வளவு வாட், விரித்தால் எவ்வளவு வாட் என்று. எவ்வளவு கொஞ்சம் தேவைப்பட்டாலும் முழுக்க விரித்து, மிச்சத்தை ஓரத்தில் பாம்பு மாதிரி வளைத்துப் போடுங்கள். இப்போது எங்களுக்கு 20 மீட்டர் தடித்த வயர் போதுமாக இருந்தது.

டேப் சுற்றின இணைப்புகள் பனியில் நனைந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். அது நல்லதுதான், அதைத் தூக்கிக் கட்டி வைக்கவே கூடாது. எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகினால் எது ஈரம் என்று தெரிந்துவிடும். இணைப்புகளைத் தரையில் விடாமல் ஒரு செங்கல் மேல் வைத்து மேலே பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தோம். வயரைச் சனத்துக்கு நடுவில் கொண்டுபோகாமல் சுவர் ஓரமாகச் சுற்றிக் கொண்டுவந்து, ப்ரொஜெக்டர் மேசைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டோம். குழந்தை யாராவது தடக்கினால் மேசைக்கால் இழுபடும், பிளக் கழராது. சூடான பல்ப் உள்ள மெஷினில் திடீரென்று பிளக் கழன்றால் உள்ளே மின்விசிறியும் நின்றுபோகும்.

இவ்வளவு நேரமும் சொல்லாமல் விட்டது கஷ்டமான பகுதி. 12 அடித் திரையின் முன்னால் 40 அடி தூரம் வரைதான் வசதியாகப் பார்க்கலாம். பாயில் நெருக்கி உட்கார்ந்தால் 120 பேர். மூன்று லயத்துக்கும் போதாது. அதாவது, தலைவர் வேண்டாம் என்று சொன்ன அதே இரண்டு நாள். "கீழ் லயத்தாக்கள ரெண்டாவது போட்டா, மிச்சம் மீதிய குடுத்த மாதிரி நினைப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தண்ணீர்க் குழாயிலிருந்து ரோடு வரை எல்லாம் மேலிருந்துதான் கீழே வருகிறது.

நாங்கள் அவரைக் கூட்டிப்போய், பகலில் பிள்ளைக்காம்பராவின் உள்ளே ஜன்னலை மூடி, முதலில் 12 அடி அளவிலும், பிறகு எவ்வளவு பெரிதாக அடிக்க முடியுமோ அவ்வளவுக்கும் அதே காட்சியைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அப்ப சீட்டுக் குலுக்குங்க" என்றார். கோவில் கமிட்டிக்கு முன்னால் குலுக்கினோம். முதல் சனிக்கிழமை கீழ் லயத்துக்கு விழுந்தது. நடு லயம் பாதி அங்கே, பாதி இங்கே.

அனுமதிகளையும் அந்த வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இடத்துக்குத் துரையிடம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸில். இலவசமாகக் காட்டினாலும் படத்தின் உரிமைக்காரரிடமும் கேட்கத்தான் வேண்டும். 2007இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. பெப்ரவரியில் இங்கே ஆறரைக்கு முன்னால் சூரியன் விழுந்துவிடும். ஏழுக்கு நல்ல இருட்டு. இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒன்பதே காலுக்குள் முடிந்து, சாமானைக் கட்ட நேரம் இருக்கும். முதல் நாள் வெள்ளிக்கிழமை அதே ஏழு மணிக்கு எல்லாவற்றையும் கட்டி, பேசுகிற காட்சி ஒன்றையும் இரவுக் காட்சி ஒன்றையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தோம். சனிக்கிழமை புதிதாக ஒன்றையும் கழற்றிப் பூட்டவில்லை.

படம் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018இல் வந்தது. தேனிப் பக்கத்து மலையில் சுமை தூக்குகிற ரங்கசாமி, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான். கதை அவ்வளவுதான். கடைசியில் நிலம் கைவிட்டுப் போய், அதே இடத்தில் நிற்கிற காற்றாலைக்குக் காவலாளியாக அவன் உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பாட்டி கீழ் லயம். முதல் சனிக்கிழமையே வந்து, முன் வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படம் முடிந்து நாங்கள் சைக்கிள் டியூபை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதும் அவர் எழும்பவில்லை. பிடித்து எழுப்பப் போனோம்.

"அவன் காணியிலயே அவன வாச்சர் வேலைக்குப் போட்டுட்டானுங்களே," என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னிக்கி எல்லாம் கேட்டுச்சு தம்பி."